மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும்?

மார்ச் 31, சாயங்காலம். ஒரு மேம்பாலச் சைட். நான்கு தூண்கள் தொப்பி வரைக்கும் எழுந்துவிட்டன. ஐந்தாவதற்குக் கம்பிக் கூடு மட்டும் நிற்கிறது. அதற்கப்பால் பைல் இயந்திரம் சேற்றைத் துப்பிக்கொண்டிருக்கிறது. தகரக் கூரை போட்ட சைட் ஆபீசில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த பெண் கம்பிக் கட்டுகளின் கணக்கை எழுதி முடித்துவிட்டு நிமிர்கிறார். அன்று நள்ளிரவோடு கணக்கு ஆண்டு முடிகிறது. பாலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. இந்த ஆண்டுக்கு இந்தக் கம்பெனி எவ்வளவு வருமானம் காட்டலாம்?

மளிகைக் கடையில் இந்தக் கேள்வி எழாது. அரிசி கைமாறியது, காசு வந்தது, விற்பனை முடிந்தது. பாலத்தை அப்படிப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாது. முழுப் பாலமும் முடிந்து ஒப்படைத்த பிறகுதான் வருமானம் என்று வைத்தால், முதல் இரண்டு ஆண்டும் கணக்கில் சுழி. நூற்றுக்கணக்கான பேர் இரவும் பகலும் வேலை பார்த்திருப்பார்கள், கணக்குப் புத்தகமோ கம்பெனி தூங்கியதாகச் சொல்லும். மூன்றாம் ஆண்டில் மொத்தப் பணமும் ஒரே நாளில் கொட்டியதுபோல் தெரியும். நடுவில் பங்கு வாங்கியவரும் விற்றவரும் இரண்டு பொய்ப் படங்களைப் பார்த்து முடிவெடுத்திருப்பார்கள்.

அதனால்தான் ‘பர்சன்டேஜ் ஆஃப் கம்ப்ளீஷன்’ என்ற முறை வந்தது. தமிழில் வேலை முடிந்த விழுக்காட்டு முறை என்று சொல்லலாம். வேலை எத்தனை விழுக்காடு முடிந்ததோ, ஒப்பந்தத் தொகையில் அத்தனை விழுக்காட்டை அந்தந்த ஆண்டின் வருமானமாக எழுதுவது. இந்தியாவில் 2002இல் திருத்தப்பட்ட ஏ.எஸ். 7 என்ற கணக்கியல் விதி, கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இந்த முறையைக் கட்டாயமாக்கியது. பெரிய கம்பெனிகளுக்கு 2018 ஏப்ரல் முதல் ‘இண்ட் ஏ.எஸ். 115’ என்ற புதிய விதி வந்தது. பெயரும் சொற்களும் மாறின. அரசு நிலத்தில் அரசுக்காகக் கட்டும் பாலத்தின் கணக்கு மட்டும் பெரும்பாலும் பழைய தடத்திலேயே ஓடுகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல், ‘எத்தனை விழுக்காடு முடிந்தது’ என்பதை யார், எதை வைத்துச் சொல்வது என்பதில் இருக்கிறது.

தூண்களை எண்ணிச் சொல்லலாம். பத்துத் தூணில் நான்கு முடிந்தால் நாற்பது விழுக்காடு. ஆனால் பாலத்தின் செலவில் ஒரு பங்கு மண்ணுக்கு அடியில் போய்விடுகிறது. ஒரு தூண் ஆற்றங்கரையில், இன்னொன்று கெட்டித் தரையில் என்றால் இரண்டும் ஒரே விலையல்ல. அதனால் பல கம்பெனிகள் செலவை வைத்தே அளக்கின்றன. இதுவரை ஆன செலவை, மொத்தமாக ஆகப்போகும் செலவால் வகுத்தால் விழுக்காடு வந்துவிடும்.

நம் பாலத்தை இதில் வைத்துப் பார்ப்போம். இது கணக்குக்காக நாமே கட்டும் பாலம். ஒப்பந்தத் தொகை 120 கோடி ரூபாய். கட்டி முடிக்க 100 கோடி ஆகும் என்று எஸ்டிமேட். மூன்று ஆண்டு வேலை. வழியில் செலவு கூடினால் ஒப்பந்ததாரர் தலையில்தான் விழும், தொகை கூடாது.

முதல் ஆண்டில் 30 கோடி செலவாகிறது. மொத்தம் 100 கோடி என்ற எஸ்டிமேட் மாறவில்லை. ஆக, வேலை 30 விழுக்காடு முடிந்திருக்கிறது. 120 கோடியில் 30 விழுக்காடு என்றால் 36 கோடி வருமானம், 30 கோடி செலவு, 6 கோடி லாபம்.

இந்த 36 கோடி கையில் வந்த பணமல்ல, பில் போட்ட தொகையும் அல்ல. கட்டுமானத்தில் பணம் வேறொரு தாளத்தில் வரும். வேலை தொடங்கும்போதே 12 கோடி முன்பணம் வந்திருக்கலாம். அது வருமானமில்லை, வேலை செய்து தீர்க்க வேண்டிய கடன். பிறகு மாதாமாதம் எஞ்சினியர்கள் வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, ரன்னிங் பில் போடுவார்கள். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் துறை பணம் தரும். முதல் ஆண்டில் 28 கோடிக்குத்தான் பில் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 8 கோடி ‘இன்னும் பில் போடாத வருமானம்’ என்று சொத்துப் பக்கத்தில் உட்காரும். இந்த 8 கோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதைத் தேடித் திரும்பி வரவேண்டியிருக்கும்.

செலவு செய்ததெல்லாம் வேலை ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு தூணுக்குப் போட்ட கான்கிரீட்டின் கியூப் சோதனை தோற்று, அதை உடைத்து மறுபடி ஊற்றினார்கள் என்றால், முதலில் ஊற்றியதற்கான பணம் போனது போனதுதான். பாலம் அதனால் ஓர் அங்குலமும் நகரவில்லை. அந்தத் தொகையை விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சைட்டில் அடுக்கியிருக்கும் கம்பி நாளைக்கே வேறு சைட்டுக்கு லாரியில் போகலாம், எனவே அது வெறும் இருப்பு. இந்தப் பாலத்துக்கென்றே வேறொரு ஆலையில் வாங்கிய பெரிய எஃகு கர்டர்கள் மார்ச் கடைசி வாரத்தில் வந்து இறங்கினால் அதற்கும் ஒரு விதி இருக்கிறது. வாங்கிய விலை அளவுக்கே வருமானம் எழுதலாம், லாபம் சேர்க்க முடியாது. தூக்கி வைக்காத கர்டர் எத்தனை கோடியானாலும் பாலம் கட்டிய உழைப்பாகாது. ஆண்டுக் கடைசியில் விலை உயர்ந்த சாமான்களை இறக்கி வைத்து விழுக்காட்டைத் தூக்கிவிடும் பழைய தந்திரத்தை இந்த விதி அடைக்கிறது. அந்தப் பெண் கம்பிக் கட்டை எண்ணிக்கொண்டிருந்ததும் இதற்குத்தான்.

இரண்டாம் ஆண்டு. ஆற்றங்கரைப் பக்கம் பைல் இறக்கும்போது, மண் சோதனை சொன்ன ஆழத்தில் பாறை வரவில்லை. கம்பி, கான்கிரீட், இயந்திர வாடகை எல்லாம் ஏறுகின்றன. ஆண்டுக் கடைசியில் மொத்தச் செலவு 77 கோடியில் நிற்கிறது. இப்போது அந்தப் பெண் மீண்டும் சைட் ஆபீசுக்கு வருகிறார். அவர் கேட்பது ஒரே கேள்வி.

“சார், மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும்?”

“பழைய எஸ்டிமேட்தான் மேடம். நூறு.”

“எழுபத்தேழு போயிருச்சு. இருபத்துமூணுல முடிச்சிருவீங்களா? மூணு ஸ்பான் மேல் தளம் பாக்கி இருக்கே.”

புராஜெக்ட் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுக்கிறார். அதில் மீதி வேலை 33 கோடி என்று இருக்கிறது.

அந்தத் தாள் வெளியே வந்ததும் கணக்கு முழுக்க மாறிவிடுகிறது. மொத்தச் செலவு இனி 110 கோடி. 77 கோடி என்பது அதில் சரியாக 70 விழுக்காடு. இதுவரைக்கும் சேர வேண்டிய வருமானம் 84 கோடி. முதல் ஆண்டில் 36 எழுதியாயிற்று, ஆக இந்த ஆண்டுக்கு 48. இந்த ஆண்டின் செலவு 47. லாபம் வெறும் 1 கோடி.

முதல் ஆண்டு 6 கோடி லாபம் தந்த வேலை, இரண்டாம் ஆண்டில் அதைவிடக் கூடுதலாகச் செய்தும் ஏன் ஒரு கோடி? பாலம் முழுவதிலும் வரப்போகும் லாபமே இப்போது 10 கோடியாகச் சுருங்கிவிட்டது. அதில் 70 விழுக்காடு 7 கோடி. ஏற்கெனவே 6 கோடி காட்டியாகிவிட்டது. எஸ்டிமேட் தெரியாமல் முதல் ஆண்டில் கூடுதலாகக் காட்டியதையும் இரண்டாம் ஆண்டே சுமக்கிறது. பழைய ஆண்டின் கணக்கைத் திறந்து திருத்துவதில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு எழுதினார்கள், இன்றைக்குத் தெரிந்ததை இன்றைக்கு எழுதுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் மீதி 36 கோடி வருமானம், 33 கோடி செலவு, 3 கோடி லாபம். ஆறும் ஒன்றும் மூன்றும் பத்து. கணக்கு நேர்.

இப்போது அந்த இழுப்பறை திறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் 100 கோடியாகவே நிற்கிறது. 77 விழுக்காடு முடிந்ததாகிவிடும். சேர்ந்த வருமானம் 92.4 கோடி, இந்த ஆண்டுக்கு 56.4 கோடி, லாபம் 9.4 கோடி. ஒரு பில்லும் போலி இல்லை. ஒரு ரூபாய் செலவும் மறைக்கப்படவில்லை. வங்கிக் கணக்கைத் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. இன்னும் செலவாகாத பணத்தைப் பற்றிய ஒரு தாளை மட்டும் யாரும் காட்டவில்லை. அதிலேயே ஒரு கோடி லாபம் ஒன்பதரைக்கு அருகில் போய்விட்டது. மூன்றாம் ஆண்டில் மீதி வருமானம் 27.6 கோடி, செலவு 33 கோடி. 5.4 கோடி நட்டம் வந்து மோதும். மொத்தம் அப்போதும் பத்துக் கோடிதான். இந்த முறையில் ஒப்பந்தத்தின் மொத்த லாபத்தை யாரும் உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. எந்த ஆண்டில் அது தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றலாம். சம்பள உயர்வும் போனசும் வங்கிக் கடனும் பங்கு விலையும் அந்தந்த ஆண்டைப் பார்த்து முடிவாகும் இடத்தில், அதுவே போதும்.

இது கற்பனைப் பயமில்லை. ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் 2015இல் வெடித்த விவகாரத்தின் ஒரு பெரிய துண்டு இதுதான். அங்கே அணுமின் நிலையம், மின்சாரக் கட்டமைப்பு போன்ற நீண்டகால ஒப்பந்தங்கள் உண்டு. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு, இந்த விழுக்காட்டு முறைக் கணக்குகளைப் பற்றித்தான் முதலில் கேள்வி கேட்டது. பின்னர் அமைக்கப்பட்ட சுயேச்சை விசாரணைக் குழு ஜூலையில் அறிக்கை தந்தது. சில ஆண்டுகளில் மொத்தம் 15,180 கோடி யென் லாபம் மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்றும், அதில் 4,770 கோடி யென் அளவு விழுக்காட்டு முறையின் வழியே வந்தது என்றும் குழு கண்டது. மொத்தச் செலவு எஸ்டிமேட்டைக் குறைத்து வைப்பது, நட்டம் வரும் என்று தெரிந்த ஒப்பந்தத்துக்கு ஒதுக்கீடு வைக்காமல் தள்ளிப்போடுவது என்று நம் பாலத்தில் பார்த்த இழுப்பறை வேலைதான். மேலிடம் எட்ட முடியாத லாப இலக்குகளை விதித்து, அவற்றைச் ‘சவால்’ என்ற சொல்லால் அழைத்தது. கீழே இருந்தவர்கள் எஸ்டிமேட்டை அந்த இலக்குக்கு ஏற்ப வளைத்தார்கள். தலைவர் ஹிசாவோ தனாகாவும் அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த இருவரும் பதவி விலகினார்கள்.

தோஷிபா தள்ளிப்போட்ட அந்த நட்டத்துக்கு விதி மிகக் கடுமையானது. நம் பாலத்தில் மீதி வேலைக்கு 33 அல்ல, 48 கோடி ஆகும் என்று தெரிந்தால் மொத்தச் செலவு 125 கோடி. ஒப்பந்தம் முடியும்போது 5 கோடி நட்டம். லாபத்தை விழுக்காடு விழுக்காடாகப் பரப்பிய முறை, நட்டத்தைப் பரப்ப விடாது. தெரிந்த நாளிலேயே முழு ஐந்து கோடியையும் எழுதிவிட வேண்டும். முதல் ஆண்டில் காட்டிய 6 கோடி லாபத்தையும் திருப்ப வேண்டும். ஆக இரண்டாம் ஆண்டு மட்டும் 11 கோடி நட்டம். மூன்றாம் ஆண்டில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே கையெழுத்தில் பதினொரு கோடி விழும் என்றால், அந்தக் கையெழுத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும் ஆசை எவ்வளவு வலுவாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாசலும் உண்டு. புராஜெக்ட் மேனேஜர் புதிய எஸ்டிமேட்டைக் காட்டிவிட்டு, கூடவே இன்னொன்றும் சொல்கிறார்.

“மண் ரிப்போர்ட் துறை கொடுத்தது மேடம். தப்பு அவங்களோடது. பத்துக் கோடி கூடுதலா கேட்டு எழுதியிருக்கோம். கண்டிப்பா வரும்.”

“ஒத்துக்கிட்டதா லெட்டர் இருக்கா சார்?”

“லெட்டர் வரணும்.”

அந்தப் பத்துக் கோடியைச் சேர்த்தால் ஒப்பந்தத் தொகை 130. மொத்த லாபம் மீண்டும் 20 கோடி. இரண்டாம் ஆண்டு லாபம் ஒன்றிலிருந்து எட்டுக்கு ஏறிவிடும். வராத ஒரு கடிதத்தின் விலை ஏழு கோடி. இப்படிப்பட்ட கோரிக்கைகள் பேச்சுவார்த்தை, நடுவர் மன்றம், நீதிமன்றம் என்று பல ஆண்டு அலைந்து, கேட்டதில் ஒரு பகுதியாக முடிவதும் உண்டு, ஒன்றுமில்லாமல் போவதும் உண்டு. அதனால் இண்ட் ஏ.எஸ். 115 இங்கே கறாராக நிற்கிறது. பின்னால் பெரிய அளவில் திருப்பி எழுத வேண்டி வராது என்பது மிகப் பெரும்பாலும் உறுதியாக இருந்தால்தான் அதைச் சேர்க்கலாம். மேனேஜரின் ‘கண்டிப்பா’ அந்த உறுதியாகாது.

ஒரு வேளை வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை, விழுக்காடு சொல்ல வழியே இல்லை என்றால்? செலவு மீண்டுவரும் என்ற நம்பிக்கை இருந்தால் செலவழித்த அளவுக்கு மட்டும் வருமானம் எழுதி, லாபத்தைச் சுழியாக வைக்கலாம். எஸ்டிமேட் தெளிந்த பிறகு லாபம் வரட்டும்.

வாசகர்களில் பலருக்குப் பாலத்தைவிட அடுக்குமாடி வீடு பக்கம். அங்கேயும் அதே கிரேன், அதே சிமென்ட், மூன்று ஆண்டு வேலை. ஆனால் கணக்கு வேறாகிவிடலாம். பாலம் எழ எழ, அது அரசின் நிலத்தில் அரசின் சொத்தாகவே எழுகிறது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு வருமானம். வீடு வாங்கியவருக்கோ சாவி கையில் வரும்வரை அந்த வீட்டின் மேல் ஆளுமை இல்லை. அதனால் இந்த விதியைப் பின்பற்றும் பல பெரிய பில்டர்கள் 2018க்குப் பிறகு வீட்டை ஒப்படைக்கும்போதுதான் வருமானம் எழுதுகிறார்கள். ஒரு காலாண்டில் அவர்களுடைய விற்பனை திடீரென்று எகிறுவதும் அடுத்ததில் சரிவதும் வியாபாரம் ஏறி இறங்கியதாலேயே என்று நினைத்துவிடக் கூடாது. எத்தனை சாவி கைமாறியது என்பதைப் பார்க்க வேண்டும்.

கட்டுமானக் கம்பெனியில் நூறு பங்கு வைத்திருக்கும் ஒருவர் சைட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறக்க முடியாது. ஆனால் ஆண்டறிக்கையில் அதன் நிழல் விழும். முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த 8 கோடியை, பில் போடாத வருமானத்தை, இப்போது தேடுங்கள். அறிக்கையில் அது ‘ஒப்பந்தச் சொத்து’ என்ற பெயரிலோ ‘அன்பில்டு ரெவென்யூ’ என்றோ இருக்கும். அந்த ஆண்டு வருமானத்தோடு ஒப்பிடுங்கள். இழுப்பறை மூடியே இருந்த பாலத்தில், இரண்டாம் ஆண்டுக் கடைசிவரை 70 கோடிக்குப் பில் போயிருந்தால், வருமானம் 92.4 கோடி என்று எழுதியிருப்பார்கள். இடைவெளி 22.4 கோடி. முதல் ஆண்டில் அது 8 கோடி. வருமானம் ஒன்றரை மடங்கு ஏறிய இடத்தில் பில் போடாதது ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது. உண்மைக் கணக்கில் அது 14 கோடியாகவே இருந்திருக்கும். துறை அளந்து ஒப்புக்கொள்ளாத வேலையைக் கம்பெனி தன் புத்தகத்தில் மட்டும் முடித்துக்கொண்டே போனால், அந்த வரி ஆண்டுக்கு ஆண்டு வீங்கும். பில் தாமதமாவதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு. குறிப்பிட்ட கட்டம் முடிந்தால்தான் பில் போடலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். ஆனால் அப்படியானால் அடுத்த ஆண்டு அந்தத் தொகை பில்லாக மாறிக் கரைய வேண்டும். கரையாமல் தங்கினால் கேள்வி கேட்கலாம்.

பங்குதாரர் கூட்டத்தில் கேட்க அந்தப் பெண் கேட்ட கேள்வியே போதும். வங்கியும் துறையும் ஏற்கெனவே பார்த்துவிட்ட பணத்தைப் பற்றி யாரும் எதையும் மறைக்க முடியாது. ஆனால் மூன்று ஸ்பான் மேல் தளத்தின் விலை இன்னும் எந்தப் பில்லிலும் ஏறவில்லை. அது இழுப்பறையில் ஒரு தாளில் மட்டும் இருக்கிறது. இந்த ஆண்டின் வருமானம் என்று அச்சாகியிருக்கும் எண்ணில் பாதி அந்தத் தாள்தான்.